தனியுரிமைக் கொள்கை வரைவில் எங்கே கோளாறு? அறிகுறியை வைத்துக் கண்டுபிடிக்கும் வழி

ஒரு ஊரில் இருக்கும் ரத்தப் பரிசோதனை நிலையம் ஆப் ஒன்றை வெளியிடப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். பதிவு செய்தால் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுப்பார்கள், ரிப்போர்ட் போனுக்கு வந்துவிடும். ஆப் செய்தவர்கள் தனியுரிமைக் கொள்கை வரைவு ஒன்றையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். அதைப் பார்த்து ஓகே சொல்லும் வேலை உங்கள் தலையில் விழுந்திருக்கிறது. நீங்கள் வழக்கறிஞர் இல்லை. வழக்கறிஞரிடம் போவதற்கு முன் நீங்கள் பிடிக்கக்கூடிய கோளாறுகளைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். இவற்றில் பலவற்றை வழக்கறிஞரால் பிடிக்கவே முடியாது. ஆப் உள்ளே என்ன நடக்கிறது, லேபில் யார் எதை யாருக்கு அனுப்புகிறார்கள் என்பது அவருக்குத் தெரியாதே.

சட்டப் பின்னணி கொஞ்சம். 2023-இல் வந்தது டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நிறுவனங்களின் முக்கியக் கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம் தரப்பட்டது. கீழே சொல்வதெல்லாம் இந்தச் சட்டத்தை மனதில் வைத்துத்தான்.

அறிகுறி 1: முழுவதும் படித்தாகிவிட்டது, ஆனால் என்ன விவரம் வாங்குகிறார்கள் என்று சொல்ல முடியவில்லை

வரைவில் இப்படி ஒரு வாக்கியம் இருக்கும்:

"சேவைகளை வழங்கும் பொருட்டும் மேம்படுத்தும் பொருட்டும், தேவைப்படும் பட்சத்தில், பயனரின் தனிப்பட்ட விவரங்கள் உள்ளிட்ட தகவல்கள் சேகரிக்கப்பட்டு, தொடர்புடைய மூன்றாம் தரப்பினருடன் பகிரப்படலாம்."

பெரும்பாலோர் இதை நடைப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டு வாக்கியத்தை உடைப்பார்கள், 'பொருட்டு' என்பதை 'க்காக' என்று மாற்றுவார்கள். அதனால் பயன் இல்லை. இந்த வாக்கியம் மங்கலாக இருப்பதற்குக் காரணம் எழுதியவருக்கே விவரம் தெரியாததுதான். எந்த விவரம், யார் வாங்குகிறார்கள், யாருக்குப் போகிறது என்று தெரிந்திருந்தால் அவர் அதையே எழுதியிருப்பார்.

அதனால் முதல் சுற்றில் வாக்கியம் எதையும் திருத்த வேண்டாம். ஒரு பேனாவை எடுத்துக்கொண்டு 'படலாம்', 'போன்ற', 'உள்ளிட்ட', 'தேவைப்படும் பட்சத்தில்', 'தொடர்புடைய' என்று வரும் இடங்களையெல்லாம் வட்டமிடுங்கள். செய்பவர் யார் என்று சொல்லாமல் 'சேகரிக்கப்படுகிறது', 'பகிரப்படுகிறது' என்று முடியும் வாக்கியங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வட்டமும் நீங்கள் யாரிடமாவது போய்க் கேட்க வேண்டிய ஒரு கேள்வி. பதில் கிடைத்த பிறகு வாக்கியம் தானாகவே எளிதாகிவிடும். மேலே உள்ள வாக்கியம் அப்படிக் கேட்டு முடித்த பிறகு இப்படி வரும்:

"பரிசோதனைக்குப் பதிவு செய்யும்போது, பரிசோதனை செய்துகொள்பவரின் பெயர், வயது, பாலினம், போன் எண், முகவரி ஆகியவற்றைக் கேட்கிறோம். ரத்தம் எடுக்க வரும் எங்கள் ஊழியருக்கு அன்றைய முகவரியும் போன் எண்ணும் தெரியும். எங்கள் லேபில் செய்ய முடியாத பரிசோதனைகளுக்கு மாதிரியை வேறு லேபுக்கு அனுப்புகிறோம். அப்போது பெயர், வயது, பாலினம் மட்டும் உடன் போகும்."

எழுத்து கூடியிருக்கிறது, பரவாயில்லை. சுருக்கமாக எழுதினால் எளிமை என்று நினைக்கிறவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

நடையைச் சோதிக்க ஒரு வழி உண்டு. ஆப்பைப் பார்க்காத ஒருவரிடம், முடிந்தால் லேபின் ரிசப்ஷனில் இருப்பவரிடமே, வரைவைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அப்புறம் அதைத் திருப்பி வாங்கிக்கொண்டு மூன்று கேள்வி கேளுங்கள். என் ரிப்போர்ட்டை யார் யார் பார்க்க முடியும்? எத்தனை நாள் வைத்திருப்பார்கள்? வேண்டாம் என்றால் நான் என்ன செய்ய வேண்டும்? 'புரிந்ததா' என்று மட்டும் கேட்காதீர்கள். எல்லோரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள்.

அறிகுறி 2: வரைவு தெளிவாக இருக்கிறது, ஆனால் ஆப் வேறு எதையோ செய்கிறது

இதுதான் ஆபத்தானது. படிக்கும்போது இடறவே இடறாது. பெயர், போன் எண், முகவரி, ரிப்போர்ட் என்று எல்லாம் ஒழுங்காக இருக்கும். விடுபட்டது எது என்பதை வரைவைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே வரைவை மூடிவைத்துவிட்டு ஆப்பைத் திறக்க வேண்டும்.

ஆண்ட்ராய்டு ஆப்பாக இருந்தால் வெளியிடப் போகும் அதே பதிப்பின் APK கோப்பை வாங்கிக்கொள்ளுங்கள். சோதனைக்கு வைத்திருக்கும் பழைய பதிப்பு உதவாது. பிறகு ஆப் போனில் என்னென்ன அனுமதி கேட்கிறது என்று பட்டியலிடும் இந்த ஒரு கட்டளையை ஆப் செய்தவர்களிடம் ஓட்டச் சொல்லுங்கள்:

```
aapt dump permissions app.apk
```

நம் லேப் ஆப்புக்கு இப்படி வந்தது என்று வைத்துக்கொள்வோம்:

```
uses-permission: name='android.permission.INTERNET'
uses-permission: name='android.permission.CAMERA'
uses-permission: name='android.permission.ACCESS_FINE_LOCATION'
uses-permission: name='android.permission.READ_CONTACTS'
uses-permission: name='com.google.android.gms.permission.AD_ID'
```

ஒவ்வொரு வரிக்கும் வரைவில் ஒரு வாக்கியம் இருக்கிறதா என்று பாருங்கள். முதல் வரிக்குத் தேவையில்லை. கேமரா, டாக்டர் சீட்டைப் படம் எடுக்க. வரைவில் சீட்டைப் பற்றிப் பேச்சே இல்லை என்றால் அது முதல் ஓட்டை. அந்தச் சீட்டில் நோயின் பெயரும், டாக்டரின் பெயரும், மற்ற மருந்துகளும் இருக்கும். ஆப் கேட்கும் விவரங்களிலேயே அதிகம் அந்தரங்கமானது அதுதான்.

இருப்பிடம் எதற்கு என்று கேட்டால், ரத்தம் எடுக்க வருபவர் வீட்டைக் கண்டுபிடிக்க என்பார்கள். நியாயம்தான். பதிவு செய்யும் நேரத்தில் ஒரு முறை எடுக்கிறீர்களா, ஆப் திறந்திருக்கும் வரை எடுத்துக்கொண்டே இருக்கிறீர்களா, எடுத்ததைச் சேமிக்கிறீர்களா என்று அடுத்து கேளுங்கள். மூன்றுக்கும் பதில் வரைவில் வர வேண்டும்.

தொடர்பு எண்கள் பட்டியலைப் படிக்கும் அனுமதிதான் பெரிய சிக்கல். 'நண்பரைச் சேர்த்தால் 100 ரூபாய் தள்ளுபடி' என்று யாரோ ஒரு வசதி வைத்திருப்பார்கள், அதற்காக இது வந்திருக்கும். இதை வரைவில் ஒரு வரி சேர்த்துச் சரிசெய்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். சட்டத்தின் 6-ஆம் பிரிவு இதற்குக் கிட்டத்தட்ட இதே உதாரணத்தையே தருகிறது. போன் வழியாக மருத்துவ ஆலோசனை தரும் ஒரு ஆப் தொடர்புப் பட்டியலையும் கேட்கிறது, பயனரும் இரண்டுக்கும் சரி என்கிறார். ஆனாலும் அந்தச் சேவைக்குப் பட்டியல் தேவையில்லை என்பதால் ஒப்புதல் மருத்துவ ஆலோசனைக்கு மட்டும்தான் செல்லும் என்கிறது சட்டம். ஆக, இங்கே மாற வேண்டியது ஆப். வரைவைப் படிப்பவர் இதைச் சொல்லத் தயங்கக் கூடாது. 'எழுத்தை மட்டும் பாருங்கள்' என்று அவர்கள் சொன்னாலும்.

கடைசி வரி பலருக்குப் புதிதாக இருக்கும். விளம்பர அடையாள எண்ணைப் படிக்கும் அனுமதி அது. 'எங்கள் ஆப்பில் விளம்பரமே இல்லை, நாங்கள் இதைச் சேர்க்கவே இல்லை' என்று ஆப் செய்தவர்கள் சத்தியம் செய்வார்கள். அவர்கள் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். ஆப்பில் சேர்க்கும் தயார் நிரல் தொகுப்புகளை நூலகங்கள் என்பார்கள். பயன்பாட்டைக் கணக்கிட வைக்கும் சில நூலகங்கள், ஃபயர்பேஸ் அனலிட்டிக்ஸ் உட்பட, இந்த அனுமதியைத் தாமே கொண்டுவந்து இறுதி ஆப்பில் சேர்த்துவிடும். ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவில் `Merged Manifest` பகுதியைத் திறந்தால் எந்த நூலகம் கொண்டுவந்தது என்று தெரியும். தேவையில்லை என்றால் எடுப்பதற்கு ஒரே வரி போதும்:

```xml
<uses-permission
  android:name="com.google.android.gms.permission.AD_ID"
  tools:node="remove" />
```

எடுக்க மாட்டோம் என்றால் எந்த நூலகம், எந்த நிறுவனத்துக்கு, எந்தத் திரையில் நடப்பதை அனுப்புகிறது என்று வரைவில் எழுத வேண்டும். 'சர்க்கரை நோய் பேக்கேஜ்' என்ற திரையை ஒருவர் திறந்தார் என்பதே ஒரு மருத்துவத் தகவல் மாதிரிதான். நம் ஊழியர் யாரும் அதைப் பார்க்காவிட்டாலும் அது வெளியே போகிறது.

அனுமதிகள் முடிந்ததா? இனி மனிதர்கள். கட்டளை ஓட்டினால் கிடைக்காத விவரம் இவர்களிடம்தான் இருக்கும். லேபில் ஒரு மாதிரி வந்து ரிப்போர்ட் போகும் வரை கூடவே இருந்து பாருங்கள். வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் அனுப்புகிறார்களா? அது லேபின் எண்ணிலிருந்தா, ஊழியரின் சொந்த எண்ணிலிருந்தா? சொந்த எண் என்றால் ரிப்போர்ட்டின் ஒரு பிரதி அந்த ஊழியரின் போனில் இருக்கிறது, அவர் வேலையை விட்டுப் போன பிறகும் இருக்கும். சின்ன லேப்கள் சில அபூர்வப் பரிசோதனைகளைத் தாங்களே செய்வதில்லை, பெரிய ஊரில் இருக்கும் லேபுக்கு அனுப்பிவிடுவார்கள். அது எந்த லேப் என்று வரைவு எழுதியவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. அப்புறம் டாக்டருக்கு ரிப்போர்ட்டின் நகல் போகிறதா என்றும் கேளுங்கள். நோயாளி கேட்டுப் போகிறதா, கேட்காமலேயே போகிறதா?

இத்தனையும் பார்த்த பிறகு வரைவில் 'உங்கள் விவரங்களை யாருக்கும் தர மாட்டோம்' என்று ஒரு வரி இருந்தால் அதை முதலில் வெட்டுங்கள். நல்ல எண்ணத்தில் எழுதிய வரிதான். ஆனாலும் பொய்.

பிளே ஸ்டோரில் `Data safety` என்று ஒரு படிவம் நிரப்ப வேண்டும். பெரும்பாலும் அதை நிரப்புபவர் ஒருவர், கொள்கை எழுதுபவர் வேறொருவர். படிவத்தில் 'இருப்பிடம் சேகரிப்பதில்லை' என்றும் கொள்கையில் 'சேகரிக்கிறோம்' என்றும் இருப்பதைச் சாதாரணமாகப் பார்க்கலாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒத்துப் பாருங்கள், பத்து நிமிட வேலை.

அறிகுறி 3: ஒரு போன் எண், நாலு பேர் ரிப்போர்ட்

இது மருத்துவ ஆப்களுக்கே உரிய கோளாறு. வரைவு முழுக்க 'நீங்கள்', 'உங்கள் விவரம்' என்று இருக்கும். ஆனால் ஆப்பில் பதிவு செய்தவர் மகன், பரிசோதனை அம்மாவுக்கு. அதே கணக்கில் மனைவிக்கு ஒன்று, எட்டு வயது மகளுக்கு ஒன்று. இதில் 'நீங்கள்' யார்?

சட்டத்தின் கண்ணில் விவரம் யாரைப் பற்றியதோ அவர்தான் உரிமை உள்ளவர். அம்மாவின் ரிப்போர்ட்டை அழிக்கச் சொல்லும் உரிமை அம்மாவுக்கு. ஆனால் ஓடிபி போவதோ மகனின் போனுக்கு. வரைவு இதைப் பேசாவிட்டால், அம்மா நேரில் வந்து 'என் ரிப்போர்ட் என் மகனுக்குப் போகக் கூடாது' என்று சொல்லும் நாளில் ரிசப்ஷனில் இருப்பவருக்கு என்ன செய்வதென்றே தெரியாது. 'இன்னொருவருக்காகப் பதிவு செய்தால்' என்று தனிப் பத்தி ஒன்று எழுதுங்கள். ரிப்போர்ட் எந்த எண்ணுக்குப் போகும், பரிசோதனை செய்துகொண்டவர் தன் எண்ணுக்கு மட்டும் அனுப்பச் சொல்ல முடியுமா, எப்படி என்பதெல்லாம் அதில் வரட்டும்.

குழந்தை விஷயத்தில் வயதைக் கவனியுங்கள். '13 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் விவரத்தை வாங்குவதில்லை' என்று வரைவில் இருந்தால் அது அமெரிக்காவிலிருந்து நகல் எடுத்த வரி. நம் சட்டத்தில் 18 வயது நிரம்பாதவர் குழந்தை, பெற்றோரின் சரிபார்க்கக்கூடிய ஒப்புதல் வேண்டும். மருத்துவ நிறுவனங்களுக்கு 2025 விதிகள் கொஞ்சம் விலக்கு தந்திருக்கின்றன. அந்த விலக்கு குழந்தையின் உடல்நலத்துக்குத் தேவையான அளவுக்குத்தான். மகளின் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு வைட்டமின் சிரப் விளம்பரம் காட்ட அது உதவாது.

அறிகுறி 4: உரிமைகள் பட்டியல் இருக்கிறது, ஆனால் அதை வைத்து எதுவும் செய்ய முடியவில்லை

"பொருந்தக்கூடிய சட்டங்களின்படி உங்களுக்கு அணுகுதல், திருத்துதல், அழித்தல் ஆகிய உரிமைகள் உண்டு." இத்தோடு பத்தி முடிந்துவிடும். எங்கே போய், யாரிடம், எதைக் காட்டிக் கேட்பது?

இதைப் படித்துத் திருத்த முடியாது, ஓட்டிப் பார்க்க வேண்டும். உங்கள் பெயரிலேயே ஒரு பரிசோதனையைப் பதிவு செய்துவிட்டு, வரைவில் சொன்ன வழியில் 'என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறீர்கள், யாருக்குக் கொடுத்தீர்கள்' என்று கேட்டு எழுதுங்கள். 11-ஆம் பிரிவின்படி விவரத்தின் சுருக்கத்தோடு, அது யார் யாரிடம் போனது என்பதையும், அவர்களிடம் எந்த விவரம் போனது என்பதையும் சொல்ல வேண்டும். 'மூன்றாம் தரப்பினர்' என்று சொல்லித் தப்ப முடியாது. அந்த வெளியூர் லேபின் பெயரும், எஸ்எம்எஸ் அனுப்பும் நிறுவனத்தின் பெயரும் அங்கே வேண்டும். அறிகுறி 2-இல் பட்டியல் போட்டிருந்தால் இதற்குப் பதில் அரை மணி நேரத்தில் வந்துவிடும். போடாவிட்டால் ஒரு வாரம் ஆனாலும் வராது.

அடுத்து, ஒப்புதலைத் திரும்பப் பெறுவது. கொடுப்பது எவ்வளவு எளிதோ அவ்வளவு எளிதாகத் திரும்பப் பெறவும் வழி இருக்க வேண்டும் என்கிறது சட்டம். ஆப்பில் ஒரு பெட்டியை டிக் செய்தால் ஒப்புதல், ஆனால் திரும்பப் பெற 'தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் எழுதவும்' என்று இருந்தால் அது தேறாது. ஆப்பிலேயே, எந்தத் திரையில் எந்தப் பொத்தான் என்று எழுதுங்கள். 'ஆப்பைத் தொடர்ந்து பயன்படுத்தினால் ஒப்புக்கொண்டதாகக் கருதப்படும்' என்ற வரி இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். ஒப்புதல் என்றால் பயனர் தெளிவாக ஒரு செயலைச் செய்திருக்க வேண்டும். சும்மா இருந்தது ஒப்புதல் ஆகாது.

திரும்பப் பெறுவதும் அழிப்பதும் வேறு வேறு என்று வரைவு சொல்கிறதா என்றும் பாருங்கள். பெரும்பாலான வரைவுகள் இங்கே அளவுக்கு மீறி வாக்குக் கொடுத்துவிடும்: 'கணக்கை நீக்கினால் எல்லா விவரமும் உடனே அழிக்கப்படும்.' முடியாது. வேறு சட்டம் வைத்திருக்கச் சொன்னால் வைத்திருந்தாக வேண்டும், பில் ஒரு உதாரணம். 2025 விதிகளும் சில பதிவுகளைக் குறைந்தது ஓர் ஆண்டு வைத்திருக்கச் சொல்கின்றன. நேர்மையான பத்தி இப்படி இருக்கும்:

"கணக்கை நீக்கினால் தள்ளுபடிச் செய்திகள் அனுப்புவதை நிறுத்துவோம். ஆப்பில் உங்கள் ரிப்போர்ட்கள் தெரியாது. ஆனால் பில்களையும், சட்டப்படி வைத்திருக்க வேண்டிய பதிவுகளையும் அந்தக் காலம் முடியும் வரை வைத்திருப்போம். எது எவ்வளவு காலம் என்பது கீழே உள்ள அட்டவணையில் இருக்கிறது."

அந்த அட்டவணையை நிரப்பும்போது லேபின் கணக்காளரையும் வழக்கறிஞரையும் கேளுங்கள். உங்கள் ஊகத்தில் எண் போடாதீர்கள்.

புகார் பற்றி ஒரு சங்கதி. பயனர் நேராகத் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்குப் போக முடியாது. முதலில் நிறுவனத்திடம் புகார் சொல்லி, அந்த வழி முடிந்த பிறகுதான் வாரியம். அப்படியிருக்க, வரைவில் புகார் முகவரி இல்லையென்றாலோ, இருக்கும் மின்னஞ்சலை யாரும் திறந்து பார்ப்பதில்லை என்றாலோ பயனர் முதல் படியிலேயே மாட்டிக்கொள்கிறார். விதிகள் பதிலுக்கு அதிகபட்சம் 90 நாள் தருகின்றன. ஒரு சின்ன லேபுக்கு அத்தனை நாள் தேவைப்படாது. 15 நாள் என்று போட்டாலும் காப்பாற்றலாம், ஆனால் போட்டால் காப்பாற்ற வேண்டும். வரைவில் இருக்கும் மின்னஞ்சலுக்கு ஒரு சோதனைக் கடிதம் அனுப்பிப் பாருங்கள். திரும்பி வந்துவிட்டால் ஆச்சரியப்படாதீர்கள்.

அறிகுறி 5: உரிமைகள் நிறைய இருக்கின்றன, ஆனால் இந்த ஊருக்குச் சம்பந்தமில்லை

விவரத்தை வேறு நிறுவனத்துக்கு மாற்றித் தரும் உரிமை, விவரத்தைப் பயன்படுத்துவதற்கு ஆட்சேபம் தெரிவிக்கும் உரிமை என்றெல்லாம் வரைவில் இருந்தால் அது ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் வார்ப்பிலிருந்து வந்தது. நம் 2023 சட்டத்தில் இந்த இரண்டும் தனி உரிமைகளாக இல்லை. தருவதாகச் சொன்னால் தப்பில்லை, ஆனால் சொல்லிவிட்டு ரிப்போர்ட்டை எந்த வடிவில் மாற்றித் தருவீர்கள் என்று கேட்டால் பதில் வேண்டும். பதில் இல்லையென்றால் எடுத்துவிடுங்கள்.

அதே நேரத்தில் அந்த வார்ப்பில் இல்லாத ஒன்று இங்கே உண்டு. 14-ஆம் பிரிவின்படி, தான் இறந்துவிட்டாலோ செயல்பட முடியாத நிலைக்குப் போனாலோ தன் சார்பில் இந்த உரிமைகளைப் பயன்படுத்த ஒருவரை நியமிக்கலாம். வங்கிக் கணக்கில் நாமினி போடுவது மாதிரி. மருத்துவ ஆப்பில் இதற்கு அர்த்தம் அதிகம். வரைவில் இந்தச் சொல்லே இல்லையென்றால் நகல் எடுத்த வரைவு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். நாமினியை எந்தத் திரையில் சேர்ப்பது, பின்னால் அவர் என்ன சான்று கொண்டுவர வேண்டும் என்பதை இரண்டு மூன்று வரியில் எழுதினால் போதும்.

அறிகுறி 6: கொள்கை சரியாக இருக்கிறது, ஆனால் ஒப்புதல் திரையில் அதன் லிங்க் மட்டும் இருக்கிறது

கொள்கை வேறு, ஒப்புதல் கேட்கும்போது காட்ட வேண்டிய அறிவிப்பு வேறு. அறிவிப்பு தனியாகவே படித்துப் புரிய வேண்டும் என்கின்றன விதிகள். என்னென்ன விவரம், எதற்கு, அதனால் கிடைக்கும் சேவை எது என்பது அதிலேயே வர வேண்டும். ஒப்புதலைத் திரும்பப் பெறவும், உரிமைகளைக் கேட்கவும், வாரியத்திடம் புகார் செய்யவும் வழியும் அதில் இருக்க வேண்டும். 'எங்கள் தனியுரிமைக் கொள்கையைப் படித்து ஒப்புக்கொள்கிறேன்' என்ற ஒற்றை வரியும் ஒரு லிங்க்கும் போதாது. கொள்கையைத் திருத்தி முடித்த பிறகு அதிலிருந்தே ஒரு திரை அளவுக்கு இந்த அறிவிப்பை எழுதிவிடலாம்.

அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைப் பயனருக்குத் தர வேண்டும். அந்த 22 மொழிகளில் தமிழும் உண்டு. தமிழ்ப் பதிப்பைக் கடைசியில் செய்துகொள்ளலாம் என்று தள்ளிப் போட்டால், ஆங்கிலத்தில் நாலு முறை திருத்தம் நடந்திருக்கும், தமிழ் முதல் வரைவிலேயே நின்றிருக்கும். இரண்டிலும் பதிப்பு எண்ணும் தேதியும் போடச் சொல்லுங்கள். தேதி ஒத்துப்போகாமல் ஆப் வெளியாகக் கூடாது என்று ஆப் செய்பவர்களின் வெளியீட்டுப் பட்டியலில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அதே பட்டியலில் அந்த `aapt` கட்டளையையும் சேருங்கள். அடுத்த பதிப்பில் புது நூலகம் ஒன்று புது அனுமதியோடு வந்தால், வெளியாவதற்கு முன்பே உங்கள் கைக்கு வந்துவிடும்.